விளையாட்டும் விரதமும்: கம்பநாட்டாழ்வாரின் முதற்பாட்டு தரும் உறுதி

ஒரு பெருங்காவியத்தைத் தொடங்கும் கவி முதலில் தெய்வத்தை வணங்குகிறான். அவ்வணக்கத்தால் பயன் பெறுபவன் யார்? கவியா, அவன் பாடிய நூலா, அந்நூலைக் கையில் எடுக்கும் வாசகனா? வினா எளிது. எனினும் மங்கலம் பற்றி நம் சாஸ்திரங்கள் செய்துள்ள நீண்ட விசாரங்களில் வாசகனின் பங்கு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கம்பநாட்டாழ்வாரின் இராமாவதாரத்து முதற்பாட்டை எடுத்துக்கொண்டு, அது வாசகனுக்குத் தரும் உறுதி யாது, காவியம் அவ்வுறுதியைக் காக்கிறதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மங்கலம் யாருக்கு?

காவியத்தின் முகப்பு மூவகைப்படும் என்பது அணிநூலார் கொள்கை. வாழ்த்தாகவோ, வணக்கமாகவோ, வரப்போகும் பொருளைக் குறிப்பதாகவோ அது அமையும். வடமொழியில் தண்டியாசிரியர் காவ்யாதர்சத்தில் இதனை வகுத்தார். தமிழில் தண்டியலங்காரமும் அவ்வழியே கூறும். இம்மூன்றில் முதலிரண்டும் கவியின் செயல்கள். மூன்றாவது ஒன்றே வாசகனை நோக்கியது. இந்நூலுள் இன்ன பொருள் வரும் என்று முன்னதாகத் தெரிவிப்பது அது.

தார்க்கிகர்கள் மங்கலத்தின் பயனை வேறொரு கோணத்தில் விசாரித்தனர். மங்கலம் செய்தால் இடையூறு நீங்கும். இடையூறு நீங்கினால் நூல் முடியும் என்பது அவர்கள் கொண்ட நெறி. இதற்கு அவர்களே ஒரு தடையும் எழுப்பிக்கொண்டனர். பாணகவி காதம்பரியை மங்கலத்தோடு தொடங்கியும் அது அவர் கையால் முற்றுப்பெறவில்லை. மங்கலமே செய்யாத நாத்திகர் நூல்கள் சில இனிதே முடிந்திருக்கின்றன. அப்படியானால் மங்கலத்துக்கும் முடிவுக்கும் உள்ள தொடர்பு யாது? இடையூறு மிகப் பெரிதாயின் செய்த மங்கலம் அதற்குப் போதாமற்போகலாம் என்றும், நாத்திகன் முற்பிறவியில் செய்த மங்கலம் இப்போது பயன் தந்திருக்கலாம் என்றும் விடை கூறினர். விடைகளின் வலிமை எத்தகையதாயினும் ஒன்று தெளிவு. இந்த விசாரம் முழுவதும் ஆசிரியனைப் பற்றியது. வாசகன் கையில் இருப்பதோ ஏற்கெனவே முடிந்த நூல். அது முடியுமா என்ற கவலை அவனுக்கு இல்லை. அவன் கவலை வேறு. இதனுள் நுழைந்தால் எனக்கு என்ன கிடைக்கும், சொன்னதை இந்நூல் கடைசிவரை காக்குமா என்பதே அது.

ஆகவே வாசகன் நோக்கில் ஒரு மங்கலப் பாட்டை அளக்க வேண்டுமாயின், அதனை நீக்கிப் பார்க்க வேண்டும். நீக்கியபின் காவியத்துக்கு ஒரு குறையும் நேராதாயின் அது வழக்கம் பற்றி அமைந்த வணக்கம். நீக்கியவுடன் உள்ளே நிகழும் ஏதோ ஒன்று பொருள் விளங்காமல் நின்றுவிடுமாயின் அது காவியத்தின் உறுப்பு. கம்பநாட்டாழ்வாரின் முதற்பாட்டு இரண்டாம் வகையது என்பது நம் துணிபு.

முதற்பாட்டின் கட்டுக்கோப்பு

அப்பாட்டின் கருத்து யாவரும் அறிந்தது. உலகங்கள் அனைத்தையும் உண்டாக்குதல், நிலைபெறச் செய்தல், நீக்குதல் ஆகிய முத்தொழிலையும் இடையறாமல் புரிவதாகிய எல்லையற்ற விளையாட்டை உடையவர் எவரோ அவரே தலைவர். அத்தகையவருக்கே நாங்கள் சரண் என்பது அது. பாட்டில் இராமபிரான் திருநாமம் இல்லை. திருமால் என்னும் பெயரும் இல்லை. அயோத்தியும் இலங்கையும் இல்லை. வரப்போகும் கதையின் சாயல் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும்.

திருநாமம் இன்மையைக் கொண்டு இது சமயப் பொதுவான பாட்டு என்பார் உளர். நம் தரிசனத்தில் அவ்வாறு கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. பிரமத்தை இலக்கணத்தால் அறிவிக்கப் புகுந்த தைத்திரீய உபநிஷத்து, எதனிடமிருந்து உயிர்கள் தோன்றி எதனால் வாழ்ந்து எதனுள் புகுகின்றனவோ அதுவே பிரமம் என்று தொழிலைச் சொல்லியே பொருளைக் காட்டிற்று. பிரமசூத்திரத்தின் இரண்டாம் சூத்திரமும் அவ்வழியே சென்றது. பிறிதொருவருக்குப் பொருந்தாத தொழிலைச் சொன்னபின் பெயர் சொல்லத் தேவையில்லை. வேதாந்தத்தின் முதல் இலக்கணத்தையே கவி தம் காவியத்தின் முதல் அடிகளாக்கினார் என்பதே பொருத்தம்.

நம் கவனத்துக்குரியது பாட்டின் வைப்புமுறை. பாட்டின் பெரும்பகுதி எம்பெருமானின் செயலைப் பேசுகிறது. இறுதியிலுள்ள சிறுபகுதி நம் செயலைப் பேசுகிறது. அவன் செயல் விளையாட்டு. நம் செயல் சரணமடைதல். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அதை உடனே கண்டுகொள்ளாதவனும் அயோத்தியா காண்டத்தில் கண்டுகொள்வான்.

விளையாட்டு என்னும் சொல்லின் சுமை

ஒருவன் விளையாடுகிறான் என்று அறிந்தபின் அவனிடம் நம் உயிரை ஒப்படைப்போமா? அரசு கைவிட்டுப் போகிறது; தசரதன் மகனைப் பிரிந்து உயிர் விடுகிறான்; பிராட்டி அசோகவனத்தில் தனித்திருக்கிறாள். இவற்றையெல்லாம் முன்வைத்து, இது எல்லையற்ற விளையாட்டு என்று முதற்பாட்டை நினைவூட்டினால் வாசகனுக்கு ஆறுதல் பிறக்காது, அச்சமே பிறக்கும். மங்கலப் பாட்டு தந்த உறுதி இங்கேயே பொய்த்துவிட்டதோ என்று அவன் ஐயுறுவதில் தவறில்லை.

இந்த ஐயம் வேதாந்தத்திலும் எழுந்ததே. பிரமசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் முதற்பாதத்தில், எல்லாம் நிரம்பியவனுக்கு உலகைப் படைப்பதால் ஆவது என்ன என்ற பூர்வபக்ஷத்துக்கு, உலகில் காண்பது போல அது வெறும் லீலை என்று சூத்திரகாரர் விடை தந்தார். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அதற்கு ஓர் அரசனை உதாரணமாகக் காட்டினார். ஏழு தீவுகளும் கொண்ட பூமியை ஆள்பவன், குறை ஒன்றும் இல்லாதவன், பந்து முதலியவற்றைக் கொண்டு ஆடுகிறான். அதனால் அவன் அடையவேண்டிய பயன் வேறு ஒன்றும் இல்லை. ஆகவே லீலை என்னும் சொல் இரக்கமின்மையைக் குறிப்பதன்று. படைப்பவனுக்குத் தன் குறை தீரவேண்டிய தேவை இல்லை என்பதைக் குறிப்பது. அடுத்த சூத்திரமே, அப்படியானால் ஒருவன் இன்புறவும் ஒருவன் துன்புறவும் படைப்பது பாரபட்சமும் கொடுமையும் ஆகாதோ என்று கேட்டு, உயிர்களின் கர்மத்தை நோக்கியே படைப்பதால் ஆகாது என்று தெளிவிக்கிறது.

இவ்விடை தத்துவத்தைக் காக்கப் போதும். துன்பத்தில் இருப்பவனின் நெஞ்சுக்கு இதுவே போதுமா? கர்மத்துக்கு ஏற்ப வந்தது என்று அறிந்தவனுக்கும் அதிலிருந்து தன்னை எடுப்பவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. அதற்குரிய விடையை எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் மங்கல சுலோகத்திலேயே வைத்திருக்கிறார் என்பது நோக்கத்தக்கது. அந்தச் சுலோகம் பரம்பொருளுக்கு இரண்டு அடைமொழிகளை அடுத்தடுத்துத் தருகிறது. உலகங்களின் தோற்றம், நிலை, அழிவு முதலியவற்றை லீலையாக உடையவன் என்பது ஒன்று. வணங்கி வந்த பல்வகை உயிர்க்கூட்டத்தைக் காப்பதையே ஒரே தீக்ஷையாக உடையவன் என்பது மற்றொன்று. அத்தகைய ஸ்ரீநிவாசனிடத்தில் பக்தி வடிவான அறிவு தமக்கு உண்டாகவேண்டும் என்று அது முடிகிறது.

லீலை ஒரு சொல், தீக்ஷை ஒரு சொல். இவ்விரண்டும் ஒரே பொருளில் வருவன அல்ல. யாகத்தில் தீக்ஷை கொண்டவன் அவப்ருத ஸ்நானம் வரையில் தான் ஏற்ற நியமங்களை விடமுடியாது. இடையில் மனம் மாறினாலும், உடல் வருந்தினாலும், அவனை அந்த நியமம் கட்டும். விளையாடுபவனை எதுவும் கட்டாது. தீக்ஷை கொண்டவனை அவன் தானே ஏற்ற உறுதி கட்டும். ஆக, உலகங்களை ஆக்குவதும் அழிப்பதும் எம்பெருமானுக்கு விளையாட்டாக இருக்கலாம். அடைந்தவனைக் காப்பது அவனுக்கு விளையாட்டன்று. அது அவன் தன்னைத்தானே கட்டிக்கொண்ட விரதம்.

இந்த வெளிச்சத்தில் கம்பநாட்டாழ்வாரின் பாட்டைப் படித்தால் அதன் பள்ளம் தூர்ந்துவிடுகிறது. கவி லீலையை விரித்துச் சொன்னார், விரதத்தைச் சொல்லவில்லை. அதற்கு மாறாக, அந்த விரதம் இருக்கிறது என்று நம்பினவன் மட்டுமே சொல்லக்கூடிய சொல்லைச் சொன்னார். சரண் என்பதே அச்சொல். விரதத்தைத் தெரிவிக்கும் பொறுப்பைக் காவியத்திடம் விட்டுவிட்டார். முதற்பாட்டு வாசகனுக்குத் தரும் உறுதி இதுவே: விளையாட்டைப் பாட்டில் காட்டினேன்; விரதத்தைக் கதையில் காட்டுவேன் என்பது. இருவருள் யார் யாரைப் பின்பற்றினார் என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை. கம்பர் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பன்னிரண்டாம் நூற்றாண்டா என்ற வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரு மங்கலங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஒன்றின் மௌனத்தை மற்றொன்று பேசுகிறது என்பதே நாம் சொல்ல வருவது.

உறுதி நிறைவேறும் இடம்

அந்த விரதம் வெளிப்படும் இடம் யுத்தகாண்டத்து வீடணன் அடைக்கலப் படலம். வான்மீகத்திலும் இராமபிரான் தன் வாக்காலேயே, ஒருமுறை அடைந்தவனுக்கும் அபயம் தருவது தன் விரதம் என்று அறுதியிட்டது இவ்விடத்தில்தான். இந்த ஒரு காட்சியை முதற்பாட்டின் உரைகல்லாகக் கொண்டு சற்று விரிவாகப் பார்ப்போம்.

வீடணன் வந்திருக்கிறான் என்றதும் பெருமான் தன் துணைவர்களைக் கேட்கிறான். சுக்கிரீவன் மறுக்கிறான். பகைவனின் தம்பி, போர் தொடங்கும் வேளையில், தமையனை விட்டு வந்திருக்கிறான். இவனை எப்படி நம்புவது என்பது அவன் வாதம். சாம்பவானும் நீலனும் தத்தமக்குத் தோன்றிய காரணங்களால் அவன் பக்கமே நிற்கின்றனர். இவர்கள் கூறியவை அறிவில்லாத சொற்கள் அல்ல. அரசநீதியில் இவற்றுக்கு இடமுண்டு. பின்பு மாருதியின் கருத்தைப் பெருமான் கேட்க, அவன் வீடணனுக்கு ஆதரவாகப் பேசுகிறான். இலங்கையில் தன்னைக் கொல்லுமாறு இராவணன் ஆணையிட்டபோது தூதரைக் கொல்லுதல் தகாது என்று தடுத்தவன் இவனே என்று சான்று காட்டுகிறான். அதாவது மறுத்தவர்களும் ஆதரித்தவனும் ஒரே அளவுகோலைத்தான் கையாண்டார்கள். வந்தவன் நல்லவனா, தீயவனா என்பதே அவர்கள் ஆராய்ந்தது.

பெருமான் மாருதியின் சொல்லை ஏற்கிறான். ஆனால் அவன் தந்த காரணத்தோடு நின்றுவிடவில்லை. இதனால் நமக்கு வெற்றி வந்தாலும் தோல்வி வந்தாலும், உயிர் இருந்தாலும் போனாலும், அடைக்கலம் என்றவனை ஏற்பதல்லாமல் வேறு வழியில்லை என்கிறான். வந்தவனின் தகுதியிலிருந்து ஏற்பவனின் உறுதிக்கு வாதம் இங்கே இடம் மாறுகிறது. விரதம் கொண்டவன் பேசும் பேச்சு இது. விளையாடுபவன் பேச்சு இப்படி இராது.

தொடர்ந்து பெருமான் எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறான். தன் பேடையைப் பிடித்த வேடனே குளிராலும் பசியாலும் வாடித் தன் மரத்தடிக்கு வந்தபோது, அவனுக்குத் தீ மூட்டித் தன் உடலையே உணவாக்கிய புறாவின் கதை அவற்றுள் ஒன்று. இவ்வரிசையில் நம் கவனத்தை ஈர்ப்பது மாயவனைப் பற்றிய பாட்டு. உயிர்கள் அனைத்தையும் தானே தோன்றச் செய்து தானே வளர்ப்பவன் மாயவன். உலகங்களும் அறமும் எல்லாமும் அவனே. அப்படியிருந்தும் தன்னை அடைந்தவர்களைத் தனியே ஏந்திக் காத்து, முடிவில் வீட்டையும் தருகிறான் என்றால், அடைக்கலத்தின் பெருமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ என்பது அதன் கருத்து.

முதற்பாட்டைப் படித்து வந்தவன் இங்கே நின்று திரும்பிப் பார்க்கவேண்டும். அங்கே உலகங்களை ஆக்கிக் காத்து நீக்குபவன் என்ற பொதுச்செயல். இங்கே தோன்றச் செய்து வளர்ப்பவன் என்று அதே பொதுச்செயல். அங்கே அதற்குப் பெயர் விளையாட்டு. இங்கே அதன்மேல் ‘அப்படியிருந்தும்’ என்ற ஒரு சொல் ஏறுகிறது. எல்லா உயிரும் அவன் படைப்பாயின் எல்லாவற்றையும் ஒன்றாகவே நடத்தலாம். அடைந்தவன் என்று தனியே ஒருவனை ஏன் பிரித்துக் காக்க வேண்டும்? படைப்பு லீலை என்ற நெறியில் இதற்கு விடையில்லை. காப்பது தீக்ஷை என்ற நெறியில்தான் விடை உண்டு. மங்கலப் பாட்டின் முற்பகுதிக்கும் பிற்பகுதிக்கும் இடையே கவி சொல்லாமல் விட்ட அந்தச் சொல்லை, பல்லாயிரம் பாட்டுகள் கடந்து, இராமபிரானின் திருவாயால் சொல்லவைத்தார். முதற்பாட்டை நீக்கிவிட்டால் இப்பாட்டு ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் எஞ்சும். அதனோடு சேர்த்துப் படித்தால் இது வாங்கிய கடனைத் தீர்க்கும் பாட்டு.

பிராட்டி எங்கே?

இங்கே ஸ்ரீவைஷ்ணவ வாசகன் ஒரு தடை எழுப்பலாம். சரணாகதி என்றால் புருஷகாரம் வேண்டும். பிராட்டியை முன்னிட்டே எம்பெருமானைப் பற்ற வேண்டும். எம்பெருமானாரின் மங்கல சுலோகம் ஸ்ரீநிவாசன் என்ற திருநாமத்தால் பிராட்டியையும் சேர்த்துச் சொல்லிற்று. கம்பநாட்டாழ்வாரின் முதற்பாட்டிலோ பிராட்டி பற்றிய குறிப்பே இல்லை. சரண் என்ற சொல்லைச் சொல்லிவிட்டு அதற்குரிய வாயிலைச் சொல்லாமல் விடலாமா?

தடை நியாயமானது. அதற்கு விடை தேடும்போது ஆதிகாவியத்தின் தொடக்கத்தையும் எண்ணிப்பார்க்கத் தோன்றுகிறது. வான்மீகத்தின் முதற்சுலோகம் வணக்கமன்று. வான்மீகி நாரதரிடம் வினவியதைச் சொல்லும் கதைத் தொடக்கம். மங்கலமின்றி ஒரு மஹாகாவியம் தொடங்கலாமா என்று கலங்கிய உரையாசிரியர்கள், கிரௌஞ்சப் பறவையை எய்த வேடனை முனிவர் சபித்த சுலோகத்திலேயே மங்கலத்தைக் கண்டனர். கோவிந்தராஜர் அந்தச் சாபத்தின் முதற்சொற்களை வேறுவகையாகப் பிரித்து, ‘மா’ என்பதைத் திருமகள் என்று கொண்டு, திருமகளுக்கு உறைவிடமானவனே என்று எம்பெருமானை விளிப்பதாக நிர்வஹித்தார். சொல்லைப் பிரிக்கும் இந்த நயத்தை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆனால் அதிலுள்ள நோக்கு ஆழமானது. துணையைப் பிரிந்த பெண்பறவையின் அழுகுரல் கேட்டு எழுந்த சொல்லில்தான் ஆதிகாவியத்தின் மங்கலம் இருக்கிறது. அம்மங்கலத்தின் முதல் எழுத்திலேயே பிராட்டி இருக்கிறாள் என்பது அந்நோக்கு.

கம்பநாட்டாழ்வார் இதற்கு எதிர்முறையில் சென்றார். மங்கலத்தை வெளிப்படையாக வைத்தார். பிராட்டியை அதில் மறைத்தார். அவளை எங்கே வெளிப்படுத்தினார் என்று தேடினால் அதே அடைக்கலப் படலத்தில் விடை கிடைக்கிறது. பெருமான் அடுக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று சடாயுவினுடையது. தனக்குச் சரண் யாரென்று சானகி அழுது தளர்ந்தபோது, அஞ்சேல் என்று முன்வந்து, அவளுக்காகப் போரிட்டு உயிர் கொடுத்தவர் தன் தந்தையாகிய சடாயு என்று நினைவுகூர்கிறான். முதற்பாட்டில் கவி சொன்ன அதே சொல், சரண் என்னும் அச்சொல், இங்கே பிராட்டியின் துயரத்தோடு சேர்ந்து பெருமானின் வாயில் வருகிறது.

இதன் கனத்தை எண்ணிப்பார்க்கவேண்டும். அவளைச் சிறைவைத்தவனின் தம்பி வந்து நிற்கிறான். ஏற்பதா மறுப்பதா என்ற வேளை. அந்த வேளையில் பெருமான் நினைத்தது அவளை யார் கவர்ந்தான் என்பதையன்று. அவள் அழுதபோது ஒரு பறவை என்ன செய்தது என்பதை. அவள் துயரம் பழிவாங்குவதற்கான காரணமாகாமல், பிறிதொருவனைக் காப்பதற்கான காரணமாயிற்று. பிராட்டி அவ்விடத்தில் இல்லை. பரிந்துரைக்க ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் அவள் அழுகையே அங்கே பரிந்துரைத்தது என்று கொள்வதில் பிழையிராது. ஸ்ரீராமாயணம் சிறையிருந்தவளின் ஏற்றத்தைச் சொல்ல வந்த நூல் என்று ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளைலோகாசாரியர் அருளிச்செய்ததன் பொருளும் இக்காட்சியில் விளங்கும். முதற்பாட்டில் வாயிலைச் சொல்லாமல் விட்டது குறையாகத் தோன்றினாலும், வாயில் திறக்கும் காட்சியைக் கவி காட்டாமல் விடவில்லை.

நாங்கள் யார்?

இனி முதற்பாட்டின் கடைசிச் சொல்லுக்கு வருவோம். கவி ‘நான்’ என்று சொல்லவில்லை, ‘நாங்கள்’ என்றார். தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். ‘நாம்’ என்பது கேட்பவனையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது கேட்பவனை விலக்கிப் பேசுபவனையும் அவன் பக்கத்தில் உள்ளவர்களையும் மட்டும் குறிக்கும். பாட்டில் எம்பெருமான் முன்னிலையில் விளிக்கப்படவில்லை, படர்க்கையில் பேசப்படுகிறான். அப்படியானால் கவியின் எதிரே இருந்து கேட்பவன் வாசகனே. இலக்கணப்படி அவன் இந்தச் சரணாகதிக்கு வெளியே நிற்கிறான்!

இதனை மங்கலத்தின் குறை என்று எண்ணவேண்டியதில்லை. அதன் நேர்மை என்று கொள்ளலாம். கவி எவரையும் கேளாமல் தம் சரணாகதியில் சேர்த்துக்கொள்ளவில்லை. கதையை மட்டும் கேட்க வந்தவன் எதிரே அமர்ந்து கேட்கட்டும். பாட்டைத் தன் வாயால் சொல்பவன் எதிர்ப்புறம் விட்டுக் கவியின் பக்கம் வந்துவிடுகிறான். அப்போது ‘நாங்கள்’ என்பதில் அவனும் அடங்குவான்.

அப்படி வந்து சேர்வதற்கு அவனிடம் என்ன தகுதி வேண்டும்? இதற்கும் வீடணன் வந்த காட்சியே விடை தருகிறது. வான்மீகத்தில் வீடணன் தனியே வரவில்லை; நான்கு அரக்கர் அவனோடு வந்தனர். அவர்களைப் பற்றிப் பெருமானின் முன்னிலையில் தனி விசாரணை நடந்ததாகக் காணோம். சரணம் என்று வாய்திறந்து சொன்னவன் ஒருவன். திருவடியில் விழுந்தவர் ஐவர். ஏற்கப்பட்டவரும் ஐவர். அந்நால்வரின் ஞானம் எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று ஆதிகவி சொல்லவில்லை. அடைந்தவனோடு கடல் கடந்து வந்தார்கள் என்ற ஒன்றே அவர்களைப் பற்றி நாம் அறிவது. அதுவே போதுமானதாயிற்று. முதற்பாட்டைச் சொல்லிக் காவியத்தினுள் புகும் வாசகன் அந்நால்வரின் நிலையில் இருக்கிறான். சொல் கவியுடையது, உடன் வருவது மட்டுமே இவனுடையது.

இந்தப் பன்மைக்குக் காவியம் தரும் மறுமொழியும் பன்மையாகவே வருகிறது. வீடணனை ஏற்ற பெருமான் அவனை அடிமை என்று ஏற்கவில்லை. உடன்பிறந்தவன் என்று ஏற்றான். நால்வராகப் பிறந்தோம், குகனோடு ஐவரானோம், சுக்கிரீவனோடு அறுவர், இப்போது உன்னோடு எழுவர் என்று எண்ணிக் காட்டுகிறான். வேடன் ஒருவன், வானரன் ஒருவன், அரக்கன் ஒருவன் என வந்து சேர்ந்தவர்களில் ஒருவரும் குலத்தால் அவ்வரிசைக்கு உரியவரல்லர். அடைபவர்கள் ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஏற்பவன் அவர்களைச் சேர்த்துக்கொண்டு தன் பக்கத்தில் எண்ணினான். முதற்பாட்டின் கடைசிச் சொல்லுக்கு இதைவிட நிறைந்த விடையைக் காவியத்தில் வேறெங்கும் காணவில்லை.

ஓர் எல்லை

காவியத்தின் எல்லா நிகழ்ச்சிகளையும் இவ்வுறுதி எளிதாக்கிவிடுகிறது என்று சொல்லிவிடலாகாது. வாலிவதம் அப்படியே இருக்கிறது. சுக்கிரீவனுக்குத் தந்த வாக்கைக் காக்கப் பெருமான் மறைந்து நின்று அம்பெய்தான். அடைந்தவனைக் காப்பது விரதம் என்பதை ஒப்புக்கொண்டபின், அந்த விரதத்தின் விலையை அடையாதவன் ஒருவன் செலுத்தினான் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கம்பநாட்டாழ்வார் அதனை மறைக்கவில்லை. அம்பு தைத்துக் கிடக்கும் வாலியைக் கேள்வி கேட்கவைத்தார். அக்கேள்விகளின் கூர்மையை ஒருசிறிதும் மழுக்கவில்லை. முடிவில் வாலியும் பெருமானை உணர்ந்து, தன் மகன் அங்கதனை அவன் கையிலேயே அடைக்கலமாக ஒப்படைக்கிறான். விரதத்தால் வீழ்ந்தவன் அதே விரதத்தை நம்பித் தன் மகனைத் தருகிறான். இது வாலிவதத்துக்குச் சமாதானமாகுமா என்று நூற்றாண்டுகளாகப் பேசிவருகிறோம், இன்னும் பேசுவோம். ஆனால் முதற்பாட்டு தந்த உறுதி துன்பமே நேராது என்பதன்று. அடைந்தவன் கைவிடப்படான் என்பதே அது. அந்த அளவில் வாலி வதைப் படலத்திலும் அது பொய்க்கவில்லை.

ஆகவே தார்க்கிகர் சொன்னபடி மங்கலம் கவிக்கு நூலை முடித்துக் கொடுத்திருக்கலாம். வாசகனுக்கு அது செய்தது வேறு. உலகங்களோடு விளையாடுபவன் தன்னை அடைந்தவனோடு விளையாடமாட்டான் என்ற ஓர் உறுதியைப் பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் அவன் கையில் கொடுத்து, மீதியைக் கதையில் தேடிக்கொள்ளச் செய்தது. திருமுடி சூட்டுப் படலத்தைப் படித்து முடித்தவர்கள் நூலை மூடுமுன் முதற்பாட்டை மீண்டும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். தொடங்கியபோது எதிரே அமர்ந்து கேட்டவர்கள் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது அப்போது அவர்களுக்கே தெரியும்.